கடைக் கணக்கில் ஜிஎஸ்டி: உள்ளீட்டு வரவும் வெளியீட்டு வரியும் குறிப்பேட்டில் எழுதுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் மின்விசிறி, ஒயர், சுவிட்ச் விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். எல்லாச் சரக்குக்கும் 18% வரி. கடைக்காரர் வழக்கமான முறையில் பதிவு செய்தவர், மாதாமாதம் ரிட்டர்ன் போடுகிறவர். அவருடைய 2025 அக்டோபர் மாதக் கணக்குதான் கீழே தொடர்ந்து வருகிறது. காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு, வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரவு கிடையாது. அவர்களுக்கு இந்தப் பதிவுகள் பொருந்தாது.

வாங்கும்போது கொடுத்த வரியையும் சேர்த்து மொத்த பில் தொகையையே கொள்முதலில் எழுதினால் என்ன குறைந்துவிடும்?

லாபம் தப்பாக வரும். ₹2,36,000 பில்லில் ₹36,000 நீங்கள் அரசிடமிருந்து கழித்துக்கொள்ளப் போகும் பணம். அது சரக்கின் அடக்கவிலை ஆகாது. அதைக் கொள்முதலில் போட்டால், விற்காமல் கிடக்கும் சரக்கின் மதிப்பும் வரியோடு சேர்ந்து ஊதிப்போகும். விற்பனைப் பக்கமும் இதே கதைதான். வாடிக்கையாளர் கொடுக்கும் வரி உங்கள் வருமானம் அல்ல, நீங்கள் வாங்கி வைத்திருந்து கட்டிக் கொடுக்க வேண்டிய பணம். ஆகவே கொள்முதலும் விற்பனையும் வரி நீங்கலாக, வரி தனிக் கணக்கில்.

கழித்துக்கொள்ள முடியாத வரி மட்டும் விலையோடு சேரும். அந்த இடங்கள் பின்னால் வருகின்றன.

உள்ளீட்டு வரி ‘வரவு’ என்றுதானே சொல்கிறோம், அதை ஏன் பற்றுப் பக்கம் எழுதச் சொல்கிறார்கள்?

தமிழில் கணக்கு எழுதுகிறவர்களை மிகவும் குழப்பும் சொல் இது. சட்டத்தில் வரவு என்றால் கழிவுக்கான உரிமை. குறிப்பேட்டில் வரவு என்றால் வலப்பக்கம். சொல் ஒன்று, பொருள் இரண்டு. கழித்துக்கொள்ளும் உரிமை உங்களுக்கு வர வேண்டிய ஒன்று; அதாவது சொத்து. சொத்து கூடினால் பற்று. வெளியீட்டு வரி நீங்கள் கொடுக்க வேண்டியது, அதாவது பொறுப்பு. பொறுப்பு கூடினால் வரவு.

போர்ட்டலில் உள்ள மின் வரவுப் பேரேட்டைப் பார்த்தால் இன்னும் குழம்பும். அங்கே உங்கள் உள்ளீட்டு வரவு, அதாவது ஐடிசி, வரவாகத்தான் ஏறும், ஏனென்றால் அது அரசு தன் பக்கத்திலிருந்து உங்களுக்காக எழுதும் கணக்கு. வங்கிப் பாஸ்புக்கில் நீங்கள் போட்ட பணம் வரவாகவும், உங்கள் ஏட்டில் அதே பணம் பற்றாகவும் இருப்பதைப் போலத்தான் இது.

எத்தனை கணக்கு திறக்க வேண்டும்? ஒரே ‘ஜிஎஸ்டி க/கு’ போதாதா?

போதாது. மத்திய அரசின் சிஜிஎஸ்டி வரவை மாநில அரசின் எஸ்ஜிஎஸ்டி கட்டப் பயன்படுத்த முடியாது, எஸ்ஜிஎஸ்டி வரவை சிஜிஎஸ்டிக்கும் முடியாது. எல்லாவற்றையும் ஒரே கணக்கில் கொட்டிவிட்டால் எதில் எவ்வளவு மிச்சம் என்று மாதக் கடைசியில் தெரியாது. உள்ளீட்டுக்கு மூன்று (சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி, ஐஜிஎஸ்டி), வெளியீட்டுக்கு மூன்று, வரி கட்டப் போர்ட்டலில் போடும் பணம் நிற்கும் மின் ரொக்கப் பேரேட்டுக்கு ஒன்று. இவை கட்டாயம். இவற்றோடு ‘2பி வராத உள்ளீடு’ என்றும் ‘திரும்ப எடுக்க வேண்டிய ஐடிசி’ என்றும் இரண்டு கணக்கு வைத்துக்கொண்டால் பின்னால் தலைவலி குறையும். 2பி என்பது விற்றவர்கள் காட்டிய பில்களை வைத்துப் போர்ட்டல் உங்களுக்குத் தரும் GSTR-2B பட்டியல். விற்றவருக்குப் பதில் வாங்குபவரே வரி கட்டும் ஆர்சிஎம்முக்கு உள்ளீடு, செலுத்த வேண்டியது என்று தனியாக வேண்டும்.

சென்னையிலும் பெங்களூருவிலும் சரக்கு எடுத்தேன். பதிவு எப்படி?

சென்னை மொத்த வியாபாரியிடம் ₹2,00,000க்கு மின்விசிறி, கடனுக்கு. ஒரே மாநிலம் என்பதால் வரி சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று பாதி பாதி:

கொள்முதல் க/கு – பற்று ₹2,00,000
உள்ளீட்டு சிஜிஎஸ்டி க/கு – பற்று ₹18,000
உள்ளீட்டு எஸ்ஜிஎஸ்டி க/கு – பற்று ₹18,000
சென்னை வியாபாரி க/கு – வரவு ₹2,36,000

பெங்களூரு வியாபாரியிடம் ₹1,50,000க்கு ஒயர். வேறு மாநிலம் என்பதால் ஐஜிஎஸ்டி:

கொள்முதல் க/கு – பற்று ₹1,50,000
உள்ளீட்டு ஐஜிஎஸ்டி க/கு – பற்று ₹27,000
பெங்களூரு வியாபாரி க/கு – வரவு ₹1,77,000

பில்லிலேயே காட்டிக் கழித்த தள்ளுபடிக்குத் தனிப் பதிவு வேண்டாம். கழித்த விலைக்குத்தான் வரி, அதையே கொள்முதலாக எழுதுங்கள்.

கடை வாடகைக்கும் இதே மாதிரிதான். கட்டட உரிமையாளர் பதிவு பெற்றவர், ₹20,000 வாடகையோடு ₹3,600 வரி போட்டு பில் கொடுக்கிறார்: வாடகை க/கு பற்று ₹20,000, உள்ளீட்டு சிஜிஎஸ்டி பற்று ₹1,800, எஸ்ஜிஎஸ்டி பற்று ₹1,800, வங்கி வரவு ₹23,600.

ஒரு பொறி இருக்கிறது. சரக்கு எடுக்கப் பெங்களூரு போய் அங்கே லாட்ஜில் தங்கினால், அந்த பில்லில் கர்நாடகத்தின் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி இருக்கும். உங்கள் ஜிஎஸ்டி எண்ணே போட்டு பில் வாங்கினாலும், தமிழ்நாட்டுப் பதிவில் அந்த வரவு கிடைக்காது. மொத்தத் தொகையையும் பயணச் செலவில் எழுதிவிடுங்கள். பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று உள்ளீட்டு சிஜிஎஸ்டியில் ஏற்றுவது அடிக்கடி நடக்கும் தவறு.

விற்பனைப் பதிவு? முன்பணம் வாங்கினால் அப்போதே வரி எழுத வேண்டுமா?

தமிழ்நாட்டுக்குள் ₹3,00,000 விற்பனை:

வாடிக்கையாளர்கள் க/கு – பற்று ₹3,54,000
விற்பனை க/கு – வரவு ₹3,00,000
வெளியீட்டு சிஜிஎஸ்டி க/கு – வரவு ₹27,000
வெளியீட்டு எஸ்ஜிஎஸ்டி க/கு – வரவு ₹27,000

கொல்லத்துக் கடைக்கு ₹60,000க்கு அனுப்பியது: வாடிக்கையாளர் பற்று ₹70,800, விற்பனை வரவு ₹60,000, வெளியீட்டு ஐஜிஎஸ்டி வரவு ₹10,800.

சரக்குக்கான முன்பணத்துக்கு 2017 நவம்பர் 15 முதல் வரி இல்லை. பணத்தை முன்பணக் கணக்கில் வரவு வைத்து, பில் போடும் நாளில் வரியை எழுதினால் போதும். சேவைக்கு (பொருத்திக் கொடுக்கும் கூலி போன்றவை) இந்தச் சலுகை கிடையாது.

லாரிக்காரர் பில்லில் வரியே போடவில்லை. நான் கட்ட வேண்டும் என்கிறார்கள், எப்படி எழுதுவது?

சரக்குப் போக்குவரத்து நிறுவனம் வரி போடாமல் கொடுக்கும் பில்லுக்கு, வாடகை கொடுக்கும் பதிவு பெற்ற வியாபாரியே 5% கட்ட வேண்டும். இதுதான் ஆர்சிஎம். அவர் தானே வரி போட்டுக் கட்டுவதாகத் தெரிவித்து, பில்லிலும் வரி போட்டிருந்தால் இது வராது; சாதாரணக் கொள்முதல் போல எழுதுங்கள்.

தமிழ்நாட்டு நிறுவனத்துக்கு ₹8,000 வாடகை கொடுத்ததாகக் கொள்வோம். முதலில் உள்தூக்குக் கூலி பற்று ₹8,000, ரொக்கம் வரவு ₹8,000. அடுத்து வரிக்கு:

ஆர்சிஎம் உள்ளீட்டு சிஜிஎஸ்டி க/கு – பற்று ₹200
ஆர்சிஎம் உள்ளீட்டு எஸ்ஜிஎஸ்டி க/கு – பற்று ₹200
ஆர்சிஎம் செலுத்த வேண்டிய சிஜிஎஸ்டி க/கு – வரவு ₹200
ஆர்சிஎம் செலுத்த வேண்டிய எஸ்ஜிஎஸ்டி க/கு – வரவு ₹200

இந்த ₹400ஐ ரொக்கமாகத்தான் கட்ட வேண்டும். ஐடிசி லட்சக்கணக்கில் மிச்சம் இருந்தாலும் அதிலிருந்து கழிக்க முடியாது. சலான் கட்டும்போது மின் ரொக்கப் பேரேடு பற்று ₹400, வங்கி வரவு ₹400. ரிட்டர்ன் போடும்போது ஆர்சிஎம் செலுத்த வேண்டியது இரண்டும் பற்று, மின் ரொக்கப் பேரேடு வரவு. கட்டிய பிறகு ஆர்சிஎம் உள்ளீட்டைச் சாதாரண உள்ளீட்டுக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒரு கையால் கட்டி மறு கையால் எடுப்பதுதானே என்று எழுதாமல் விடுகிறவர்கள் உண்டு. கட்டாமல் விட்டால் வட்டி வரும். அந்த வட்டிக்கு ஐடிசி இல்லை.

விற்ற சரக்கு திரும்பி வந்தால் வெளியீட்டு வரியை எப்படிக் குறைப்பது?

வாடிக்கையாளருக்கு வரவுக் குறிப்பு (கிரெடிட் நோட்) கொடுத்துத்தான் குறைக்க வேண்டும். பழைய விற்பனைப் பதிவைத் திருத்தவோ அழிக்கவோ கூடாது. ₹10,000 மதிப்புள்ள விசிறிகள் உள்ளூரிலிருந்து திரும்பின:

விற்பனைத் திருப்பம் க/கு – பற்று ₹10,000
வெளியீட்டு சிஜிஎஸ்டி க/கு – பற்று ₹900
வெளியீட்டு எஸ்ஜிஎஸ்டி க/கு – பற்று ₹900
வாடிக்கையாளர் க/கு – வரவு ₹11,800

வெளியீட்டுக் கணக்கைத்தான் பற்று வைக்கிறோம் என்பதைக் கவனியுங்கள். இதை உள்ளீட்டில் பற்று வைத்தாலும் நிகரத் தொகை ஒன்றாகத்தான் வரும், அதனால் தவறு கண்ணில் படாது. ஆனால் உங்கள் உள்ளீடு GSTR-2B உடனும், வெளியீடு விற்பனை ரிட்டர்னான GSTR-1 உடனும் ஒத்துப்போகாது. நீங்கள் வாங்கியதைத் திருப்பி அனுப்பினால் இதன் மறுபக்கம்: உள்ளீட்டுக் கணக்குகள் வரவாகும்.

மாதக் கடைசியில் இரண்டையும் நேர் செய்வது எப்படி? எதை எதில் கழிக்க வேண்டும்?

மேலே எழுதியவற்றைப் பேரேட்டில் கூட்டினால் இப்படி நிற்கும். வெளியீடு: சிஜிஎஸ்டி ₹26,100, எஸ்ஜிஎஸ்டி ₹26,100, ஐஜிஎஸ்டி ₹10,800. உள்ளீடு, ஆர்சிஎம் ₹200ஐயும் சேர்த்து: சிஜிஎஸ்டி ₹20,000, எஸ்ஜிஎஸ்டி ₹20,000, ஐஜிஎஸ்டி ₹27,000.

முதலில் ஐஜிஎஸ்டி வரவைத்தான் எடுக்க வேண்டும். அது முழுதும் தீர்ந்த பிறகே மற்ற இரண்டையும் தொடலாம். ஐஜிஎஸ்டி பொறுப்பு ₹10,800 கழிந்து ₹16,200 மிஞ்சுகிறது. இதை சிஜிஎஸ்டிக்கும் எஸ்ஜிஎஸ்டிக்கும் எந்த வரிசையிலும், எந்த அளவிலும் பிரிக்க விதி 88ஏ அனுமதிக்கிறது. காசு மிச்சமாவதும் வீணாவதும் இந்த ஓரிடத்தில்தான்.

₹16,200 முழுவதையும் சிஜிஎஸ்டிக்கே போட்டால் என்ன ஆகும்? சிஜிஎஸ்டியில் கட்ட வேண்டியது ₹9,900 ஆகக் குறையும். ₹20,000 வரவில் ₹10,100 சும்மா கிடக்கும். எஸ்ஜிஎஸ்டியிலோ ₹26,100க்கு ₹20,000தான் வரவு. ₹6,100 கையிலிருந்து கட்ட வேண்டி வரும். ஒரு பக்கம் பணம் தூங்குகிறது, மறுபக்கம் வங்கியிலிருந்து போகிறது.

சரி பாதியாக ₹8,100 வீதம் பிரித்தால் இரண்டிலும் ₹18,000 வீதம் நிற்கும். இரண்டிலும் ₹20,000 வரவு இருப்பதால், ஆர்சிஎம் ₹400 போக ரொக்கம் ஒரு பைசா வேண்டாம். எப்போதும் பாதிதான் சரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்தப் பக்கம் எவ்வளவு பற்றாக்குறை என்று பார்த்து அதை முதலில் நிரப்ப வேண்டும். இங்கே இரண்டிலும் தலா ₹6,100 பற்றாக்குறை, அதற்குக் குறையாமல் போய்ச்சேர்ந்தால் போதும். வரி கட்டும் மாத ரிட்டர்னான GSTR-3B பக்கத்தில் போர்ட்டல் ஒரு பிரிப்பைத் தானாகவே போட்டுக் காட்டும். அதை மாற்றலாம், பார்த்துவிட்டுச் சமர்ப்பியுங்கள்.

பதிவு:

வெளியீட்டு சிஜிஎஸ்டி க/கு – பற்று ₹26,100
வெளியீட்டு எஸ்ஜிஎஸ்டி க/கு – பற்று ₹26,100
வெளியீட்டு ஐஜிஎஸ்டி க/கு – பற்று ₹10,800
உள்ளீட்டு ஐஜிஎஸ்டி க/கு – வரவு ₹27,000
உள்ளீட்டு சிஜிஎஸ்டி க/கு – வரவு ₹18,000
உள்ளீட்டு எஸ்ஜிஎஸ்டி க/கு – வரவு ₹18,000

இருபுறமும் ₹63,000. உள்ளீட்டு சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டியில் தலா ₹2,000 மிஞ்சி நவம்பருக்குப் போகும். பதிவுக்கு மாதத்தின் கடைசி நாளைத் தேதியாக இடுவது நல்லது. ரிட்டர்ன் போடும் நாளை இட்டால், அதற்குள் ஏறிய நவம்பர் பில்களும் கலந்துவிடும். ஆனால் GSTR-3Bயில் எந்தப் பிரிப்பைச் சமர்ப்பித்தீர்களோ அதே பிரிப்புதான் ஏட்டிலும் இருக்க வேண்டும்.

ரொக்கமாகக் கட்ட வேண்டி வந்தால்? தாமதக் கட்டணம் எங்கே எழுதுவது?

சலான் கட்டியதும் மின் ரொக்கப் பேரேடு பற்று, வங்கி வரவு. ரிட்டர்ன் போட்டதும் வெளியீட்டுக் கணக்கு பற்று, மின் ரொக்கப் பேரேடு வரவு. சலான் கட்டியதோடு வரி கட்டியாயிற்று என்று நினைத்து வெளியீட்டுக் கணக்கை நேராக வங்கியோடு அடித்துவிட்டால், போர்ட்டலில் பணம் பேரேட்டிலேயே கிடப்பது ஏட்டில் தெரியாது.

மாதாந்திர GSTR-3B அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள். தாண்டினால் வரி இருக்கும் ரிட்டர்னுக்கு நாளொன்றுக்கு ₹50, இல்லாததற்கு ₹20; ரொக்கமாகக் கட்டும் பகுதிக்கு ஆண்டுக்கு 18% வட்டி. இரண்டும் செலவுக் கணக்குகள்.

பில் கையில் இருக்கிறது, சரக்கும் வந்துவிட்டது. ஆனால் GSTR-2Bயில் வரவில்லை. எழுதலாமா?

கொள்முதலை எழுதுங்கள், வரியை உள்ளீட்டில் எழுதாதீர்கள். விற்றவர் தன் GSTR-1இல் காட்டி, அது உங்கள் 2பியில் வந்தால்தான் எடுக்கலாம் என்பது 2022 ஜனவரி 1 முதல் சட்டம். ‘2பி வராத உள்ளீடு’ கணக்கு இதற்காகத்தான்:

கொள்முதல் க/கு – பற்று ₹50,000
2பி வராத உள்ளீடு க/கு – பற்று ₹9,000
விற்றவர் க/கு – வரவு ₹59,000

அடுத்த மாதம் 14ஆம் தேதி வாக்கில் 2பி வந்ததும் பில் பில்லாக ஒப்பிட்டு, வந்தவற்றை உள்ளீட்டு சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டிக்கு மாற்றுங்கள். இந்தக் கணக்கில் எஞ்சி நிற்பதே நீங்கள் தொலைபேசியில் விரட்ட வேண்டிய வியாபாரிகளின் பட்டியல். 2025-26ஆம் ஆண்டு பில் என்றால் 2026 நவம்பர் 30 வரை, அல்லது அந்த ஆண்டுக்கான ஆண்டு ரிட்டர்ன் போடும் நாள் வரை, எது முந்தியதோ அதுவரை எடுக்கலாம். அதற்குப் பின் அந்த ₹9,000 செலவுதான். விற்றவருக்கு முழுப் பணமும் கொடுப்பதற்கு முன்பே இந்தக் கணக்கைப் பார்ப்பது புத்திசாலித்தனம். கொடுத்துவிட்ட பிறகு அவர் உங்கள் போனை எடுக்க அவசரப்பட மாட்டார்.

சென்னை வியாபாரிக்கு ஆறு மாதமாகப் பணம் கொடுக்கவில்லை. எடுத்த ஐடிசி என்ன ஆகும்?

பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் வரியோடு சேர்த்துப் பணம் கொடுக்காவிட்டால், எடுத்த வரவைத் திருப்ப வேண்டும். பாதி கொடுத்திருந்தால், கொடுக்காத பாதிக்கான வரி மட்டும். அக்டோபரில் எடுத்த ₹2,36,000இல் ₹1,18,000 நிலுவை என்றால் திருப்ப வேண்டியது ₹18,000:

திரும்ப எடுக்க வேண்டிய ஐடிசி க/கு – பற்று ₹18,000
உள்ளீட்டு சிஜிஎஸ்டி க/கு – வரவு ₹9,000
உள்ளீட்டு எஸ்ஜிஎஸ்டி க/கு – வரவு ₹9,000

GSTR-3Bயில் இது 4(B)(2) வரிசையில் போகும். அந்த வரவை ஏற்கெனவே பயன்படுத்தியிருந்தால் 18% வட்டியும் உண்டு. இதைச் செலவாக எழுதிவிடாதீர்கள்: பணம் கொடுத்ததும் வரவைத் திரும்ப எடுக்கலாம், அப்படி எடுக்க மேலே சொன்ன நவம்பர் 30 கெடு கிடையாது. அப்போது பதிவைத் தலைகீழாக எழுதி, 4(A)(5)இல் எடுத்து 4(D)(1)இலும் காட்ட வேண்டும்.

கடையிலிருந்து ஒரு விசிறியை வீட்டுக்கு எடுத்துப் போனேன். தீபாவளிக்கு வாடிக்கையாளர்களுக்குப் பரிசும் கொடுத்தேன். இவற்றுக்கு?

சொந்த உபயோகம், இலவசப் பரிசு, திருட்டு, பாழான சரக்கு எதற்கும் ஐடிசி இல்லை. இது நிரந்தரத் திருப்பம், 4(B)(1) வரிசை. அடக்கம் ₹2,000 உள்ள விசிறிக்கு:

எடுப்புகள் க/கு – பற்று ₹2,360
கொள்முதல் க/கு – வரவு ₹2,000
உள்ளீட்டு சிஜிஎஸ்டி க/கு – வரவு ₹180
உள்ளீட்டு எஸ்ஜிஎஸ்டி க/கு – வரவு ₹180

பரிசுக்கென்றே வெளியில் வாங்கிய இனிப்புப் பெட்டி என்றால் முதலிலேயே வரியோடு சேர்த்து விளம்பரச் செலவில் போட்டுவிடலாம். பில் 2பியில் தெரிகிறது என்பதற்காக எடுக்கும் உரிமை வந்துவிடாது. 2பியில் இருக்கும் எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் எடுப்பவர்கள் மாட்டுவது இங்கேதான்.

எல்லாம் எழுதியாயிற்று, ஆனால் ஏட்டு மிச்சமும் போர்ட்டல் மிச்சமும் ஒத்துவரவில்லை. எங்கே தேடுவது?

மொத்தத்தை வைத்துத் தேடாதீர்கள், தலைப்பு வாரியாகத் தேடுங்கள். நேர் செய்த பதிவுக்குப் பின் வெளியீட்டுக் கணக்குகள் மூன்றும் பூஜ்யம் ஆக வேண்டும். ஆகவில்லை என்றால் தவறு விற்பனைப் பக்கம்: GSTR-1இல் போகாத பில், வரவுக் குறிப்பு, அல்லது இரண்டு முறை ஏறிய நேர் செய்யும் பதிவு. வெளியீடு பூஜ்யமாகி உள்ளீடு மட்டும் வேறுபட்டால், 2பி வராத பில்லை யாரோ உள்ளீட்டில் ஏற்றியிருக்கலாம்.

உள்ளீட்டு ஐஜிஎஸ்டியில் ₹27,000 குறைந்து சிஜிஎஸ்டியிலும் எஸ்ஜிஎஸ்டியிலும் தலா ₹13,500 கூடியிருந்தால் பெங்களூரு பில்லை உள்ளூர் பில்லாக எழுதிவிட்டீர்கள். வித்தியாசம் சிஜிஎஸ்டியிலும் எஸ்ஜிஎஸ்டியிலும் ஒரே அளவில் வந்தால் ஒரு உள்ளூர் பில் முழுதாக விட்டுப்போயிருக்கிறது. அந்தத் தொகையை 9ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் விட்டுப்போன பில்லின் வரியில்லா மதிப்பு கிடைக்கும். ₹4,500 வித்தியாசம் என்றால் ₹50,000 பில்லைத் தேடுங்கள்.

வித்தியாசம் 9ஆல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கிறது என்று பழைய கணக்கர்கள் சொல்வார்கள். 18% சரக்கு விற்கும் கடையின் வரிக் கணக்கில் அந்தச் சோதனை அவ்வளவாக உதவாது. நூறு நூறாக முடியும் எந்தத் தொகைக்கும் 9% போட்டால் அது எப்படியும் 9ஆல் வகுபடும். சில்லறை ரூபாய் வித்தியாசம் மட்டும் என்றால் அது முழு ரூபாயாக்கியதால் வந்தது. ‘ரூபாய்த் திருத்தம்’ என்று ஒரு கணக்கு வைத்து அதில் முடித்துவிடுங்கள்.